2.53 என்று வந்த மண்

மண் துகள் அதே கன அளவு நீரைவிட எத்தனை மடங்கு எடை என்று பார்ப்பதுதான் ஒப்படர்த்தி சோதனை. மண் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நம்புவது ஒன்றைத்தான். இரண்டு முறை செய்து பார்த்தோம், இரண்டும் ஒத்துப்போகின்றன, எனவே விடை சரி. நானும் அப்படி நம்பியவன்தான். ஒரு மணல் மாதிரி அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

பழுப்பு நிற மணல், கொஞ்சம் வண்டல் கலந்தது. கூம்பு மூடி போட்ட கண்ணாடி ஜாடியான பிக்னோமீட்டரில் செய்த எங்கள் பையன் கொண்டுவந்த விடை 2.53. மறுமுறையும் 2.53. குவார்ட்ஸ் மணல் வழக்கமாக 2.65-ஐ ஒட்டியே வரும். மட்கிய கரிமப்பொருள் இருந்தால் குறையலாம், ஆனால் இந்த மணலில் கறுப்பும் இல்லை, வாடையும் இல்லை. சரி, கணக்கை எடுத்து வா என்றேன்.

காலி பிக்னோமீட்டர் W1 = 630 கிராம். மண்ணோடு W2 = 1030. மண்ணும் நீரும் நிரம்பியபோது W3 = 1772. நீர் மட்டும் நிரம்பியபோது W4 = 1530.

G = (W2 − W1) / ((W4 − W1) − (W3 − W2))

மேலே 400. கீழே 900-இலிருந்து 742 போக 158. விடை 2.53. கணக்கில் பிழையே இல்லை.

"தம்பி, இந்த மண்ணை ஓவனில் வைத்தாயா?" என்று கேட்டேன். "தட்டில் பரப்பி ரெண்டு நாளா காயுது சார், நல்லா உதிருது" என்றான். அங்கேதான் விஷயம். கையில் உதிர்கிற மண் உலர்ந்த மண் அல்ல. அதே தட்டிலிருந்து எடுத்து ஈரப்பதம் பார்த்தோம், உலர்மண் எடையில் 3 சதவீதம். அப்படியென்றால் 400 கிராமில் உண்மையான மண் 388.3 கிராம்தான், மீதி 11.7 கிராம் நீர். W2-ஐ 1018.3 என்று திருத்திக் கணக்கிட்டால் மேலே 388.3, கீழே 146.3. விடை 2.65. மாதிரியைத் தூக்கிப் போடாமலே தப்பித்தோம். இரண்டு தடவையும் அதே தட்டு மண் என்பதால் பிழையும் இரண்டு தடவையும் ஒரே அளவில் வந்து, ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னது.

காற்றும் இதே வேலையைத்தான் செய்யும், அதே திசையில். மண் துகள்களுக்கிடையே 5 மில்லி காற்று மாட்டிக்கொண்டால், அந்த இடத்தில் நீர் இல்லாததால் W3 ஏறக்குறைய 5 கிராம் குறையும். மேற்சொன்ன மணலை முழுக்க உலர்த்திச் செய்தாலும், அவ்வளவு காற்று இருந்தால் 2.65 என்பது 2.57 ஆகிவிடும். எனவே பாதி நீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, வெற்றிடப் பம்பில் இணைத்து, குமிழ் வருவது நிற்கும்வரை விட வேண்டும். அவசரக்காரர்கள் இரண்டு குலுக்குக் குலுக்கி முடித்துவிடுவார்கள். களிமண்ணுக்குப் பெரிய பிக்னோமீட்டரையே எடுக்காதீர்கள். அதற்கு 50 மில்லி அடர்த்திக்குப்பி இருக்கிறது.

பிக்னோமீட்டரின் பித்தளைக் கூம்பு மூடி பிழை நுழையும் இன்னொரு இடம். ஒரு தடவை கூடுதலாகத் திருகினால் கொள்ளளவு மாறும், W3-க்கும் W4-க்கும் இடையே அது வித்தியாசமாக நுழையும். மூடியிலும் ஜாடியிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோடு சேரும்வரை மட்டும் திருகுங்கள். நீரின் வெப்பநிலையும் இரண்டு எடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காலையில் 27 டிகிரியில் எடுத்த W4-ஐ, மதியம் 32 டிகிரியில் எடுத்த W3-ஓடு சேர்த்தால் இந்த மணலுக்கு 0.02 குறையும்.

இனி ஓவன். 105 முதல் 110 டிகிரி, வழக்கமாக ஓர் இரவு முழுக்க, சரியாகச் சொன்னால் எடை மாறாமல் நிற்கும்வரை. நடுராத்திரியில் கரண்ட் போனால் காலையில் யாருக்கும் தெரியாது, ஓவன் மறுபடி சூடாகத்தான் இருக்கும். ஆகவே எடுத்து எடை போட்டபின் ஒரு மணி நேரம் திருப்பி வைத்து இன்னொரு தடவை எடை போடுவதுதான் வழி. காய்ந்துகொண்டிருக்கும் டின்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஈர மண்ணை வைப்பதும் எங்கள் கூடத்தில் தடை. அந்த ஆவி காய்ந்த மண்ணுக்குள் போய்விடும்.

சூடாக இருக்கும் டின்னைத் தராசில் வைத்தால் மேலெழும் காற்று தட்டைத் தூக்கி, எடையைக் குறைத்துக் காட்டும். வெளியே ஆறவிட்டால் களிமண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் ஆறவிடுவது இதற்காகத்தான். அப்புறம் மூடி மாறிப்போவது: 30 கிராம் உலர்மண்ணுக்கு 2 கிராம் வித்தியாசமான மூடி விழுந்தால் ஈரப்பதத்தில் ஏழு சதவீதம்வரை பிசகும். டின்னில் மட்டுமல்ல, மூடியிலும் எண்ணைப் பொறித்துவிடுங்கள்.

ஜிப்சம் உள்ள மண் மட்டும் வேறு. 110 டிகிரியில் ஜிப்சம் தன் படிக நீரையும் விட்டுவிடும், அது ஈரப்பதமாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் இம்மண்ணுக்கு மண் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2720 இரண்டாம் பகுதி 60 முதல் 80 டிகிரி என்கிறது. கரிமப்பொருள் மிகுந்த மண்ணுக்கும் அப்படியே. ஜிப்சம் கிடைக்கும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மாதிரி வந்தால் ஓவன் திருகை முதலில் பார்த்துவிட்டுத்தான் டின்னை உள்ளே வைப்பேன்.