பூஸ்ட் பட்டன் யாரைத் தேடிப் போகிறது?

ஃபேஸ்புக் பக்கத்தில் நீங்கள் போட்ட படத்துக்கு வழக்கத்தைவிட நாலு லைக் கூடுதலாக விழுந்தால் போதும், அதன் கீழே இருக்கும் Boost post என்ற பட்டன் கண்ணை இழுக்கும். பணம் கட்டினால் அந்தப் பதிவை விளம்பரமாக்கிப் பலருக்குக் காட்டும் பட்டன் அது. ஐந்நூறு ரூபாய், ஐந்து நாள், அவ்வளவுதான். இதே பணத்தை, விளம்பரங்களை விரிவாக அமைக்க ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா தரும் ஆட்ஸ் மேனேஜர் என்ற கருவி வழியாகவும் செலவிடலாம். இரண்டும் மெட்டாவின் ஒரே ஏலத்துக்குத்தான் போகின்றன. அந்த ஏலத்திடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

ஒருவர் தன் திரையைத் தள்ளிக்கொண்டே வரும்போது, விளம்பரம் வைக்க ஓர் இடம் காலியாகிறது. அவருக்குக் காட்டத் தகுதியான விளம்பரங்கள் எல்லாம் அந்த ஒரு நொடியில் போட்டியிடுகின்றன. அதிகப் பணம் கொடுப்பவர்தான் வெல்வார் என்றில்லை. விளம்பரதாரர் கேட்கும் தொகையை, 'நாம் கேட்ட செயலை இந்த ஆள் செய்ய எவ்வளவு வாய்ப்பு' என்ற கணிப்பால் பெருக்கி, அதோடு விளம்பரத்தின் தரத்துக்கும் ஒரு மதிப்பைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவருடைய விளம்பரம் காட்டப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் கணிப்பு. லைக், கமென்ட் வேண்டும் என்று கேட்டால், எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைக் கணினி தேடிப் போகும். வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குபவர்கள் வேண்டும் என்றால், கடைக்காரர்களுக்கு மெசேஜ் அனுப்பும் பழக்கமுள்ளவர்களைத் தேடும். நீங்கள் குறித்த ஊரும் வயதும் ஒன்றாகவே இருந்தாலும், அதற்குள் விளம்பரம் போய்ச் சேரும் ஆட்கள் வேறு. லைக் போடுபவர் மலிவாகக் கிடைப்பார், வாங்குபவருக்கு விலை அதிகம். "ஆயிரம் லைக் வந்தது, ஒரு ஆர்டர்கூட வரவில்லை" என்று புலம்புபவர்களுக்கு நடந்தது இதுதான். கணினி ஏமாற்றவில்லை, கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

பூஸ்டிலும் இலக்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பல நேரம் Automatic என்பதே முன்கூட்டித் தேர்வாகி நிற்கும். மற்ற இலக்குகளும் சிலவே, அதுவும் மேலோட்டமானவை. இணையதளத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால் லிங்க்கை அழுத்துபவர்கள் வருவார்கள். அழுத்திவிட்டுப் பக்கம் திறக்கும் முன்பே பின்வாங்குபவர்களும் அதில் அடக்கம். ஆட்ஸ் மேனேஜரில் Performance goal என்ற இடத்தில், பக்கம் முழுதாகத் திறக்கும் வரை காத்திருப்பவர்களைக் கேட்கலாம். தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சல் என்ற சிறு நிரலை இணையதளத்தில் பொருத்தியிருந்தால், வாங்கி முடிப்பவர்களையே கேட்கலாம். பூஸ்டில் ஒரு புதியவர் இழப்பவற்றில் மிகப் பெரியது இந்தத் தேர்வுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடி சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி விற்கும் ஒருவர், ஒரு வாரத்துக்கு 3,000 ரூபாய் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்ஸ் மேனேஜர் நல்லதாயிற்றே என்று நேராக விற்பனையை இலக்காக வைத்தால் அங்கே வேறொரு சிக்கல் வரும். யார் வாங்குவார்கள் என்று கணினி கற்றுக்கொள்ள, ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 முறை அந்தச் செயல் நடக்க வேண்டும். ஒரு விற்பனைக்கு 200 ரூபாய் ஆகிறது என்றால் 50 விற்பனைக்கு 10,000 ரூபாய். இவருடைய பணத்துக்குப் பதினைந்தோடு நின்றுவிடும். Delivery என்ற பத்தியில் Learning limited என்று வரும். கற்றுக்கொள்ளப் போதுமான தரவு கிடைக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

அதனால் விற்பனைக்கு ஒரு படி முன்னால் இருக்கும் செயலைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல் ஒன்று 40 ரூபாய்க்குக் கிடைத்தால் 3,000 ரூபாய்க்கு 75 உரையாடல்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டது, கணினிக்கும் கற்க இடமிருக்கிறது. இங்கே சொன்ன விலைகள் கணக்குக்காக மட்டுமே, பொருளுக்குப் பொருள் மாறும். செலவு செய்யும் தொகைக்கு 50 முறை நடக்கக்கூடிய செயல்களில் விற்பனைக்கு மிக நெருக்கமானது எதுவோ, அதைக் கேளுங்கள்.

இதற்காக லைக் விழுந்த பழைய பதிவைக் கைவிட வேண்டியதில்லை. ஆட்ஸ் மேனேஜரில் Create அழுத்தி, Engagement என்ற நோக்கத்தை எடுங்கள். அடுத்த நிலையான ஆட் செட்டில் விளம்பரம் போய்ச் சேரும் இடமாக வாட்ஸ்அப்பைக் குறித்து, உரையாடல்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதை இலக்காக வையுங்கள். ஊர், தேதி எல்லாம் இதே நிலையில்தான். கடைசியாக விளம்பர நிலையில் Use existing post என்பதைத் தேர்ந்தால் உங்கள் பழைய பதிவுகள் வரிசையாக வரும். அதிலிருந்து எடுத்தால் பழைய லைக்கும் கமென்ட்டும் அப்படியே கூட வரும். சில பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. உரிமம் பெற்ற சினிமாப் பாட்டு சேர்த்த இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் அப்படிப்பட்டது, விளம்பரத்துக்கு அந்தப் பாட்டை அனுமதிக்க மாட்டார்கள்.

ஆட் செட்டில் இன்னொன்றையும் பாருங்கள். ஆட்களைக் கணினியே தேடிக்கொள்ளும் Advantage+ audience என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் குறிக்கும் ஆர்வங்களும் வயது வரம்பும் வெறும் பரிந்துரைகள்தான், கணினி அவற்றைத் தாண்டிப் போகும். ஊர், தனியாகக் குறிக்கும் குறைந்தபட்ச வயது, விலக்கி வைக்கும் பட்டியல் போன்றவையே மீறப்படாத வேலிகள். விலக்கும் பட்டியல் சின்ன வியாபாரிக்கு நல்ல உதவி. ஏற்கெனவே வாங்கும் வாடிக்கையாளர்களின் எண்களை ஒரு கோப்பாக ஏற்றி, அவர்களுக்கு விளம்பரம் போகாமல் தடுக்கலாம். அவர்கள் எப்படியும் உங்களிடம்தான் வாங்குவார்கள், அவர்களுக்குக் காட்டப் பணம் எதற்கு?

பூஸ்டில் ஒரு பதிவு, ஒரு விளம்பரம். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று ஒப்பிட வழி குறைவு. ஆட்ஸ் மேனேஜரில் பொடி பாக்கெட்டின் படத்தையும், தோசைமேல் பொடி தூவும் வீடியோவையும் அருகருகே ஓட விடலாம். ஆனால் இரண்டையும் ஒரே ஆட் செட்டில் போட்டுவிட்டு, தோற்றது மோசமான விளம்பரம் என்று முடிவுகட்டாதீர்கள். முதல் சில மணி நேரத்தில் எது முன்னே போனதோ அதற்கே கணினி பெரும்பாலான பணத்தைத் திருப்பிவிடும், மற்றதை நூறு பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் A/B test வசதியைப் பயன்படுத்துங்கள். அது மக்களை இரு கூறாகப் பிரித்து, ஒருவருக்கு ஒரு விளம்பரம் மட்டும் காட்டும். 3,000 ரூபாயை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைவு என்பதால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வித்தியாசத்தைச் சோதிப்பதே சரி.

ஓடத் தொடங்கியபின் கை வைக்காமல் இருப்பது பலருக்குக் கடினம். படத்தை மாற்றினாலோ, ஆட்களை மாற்றினாலோ, தொகையைத் திடீரென்று பெரிதாக உயர்த்தினாலோ கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தினமும் திருத்துபவரின் விளம்பரம் தினமும் முதல் நாளிலேயே நிற்கிறது.

ஏற்கெனவே பூஸ்ட் செய்திருந்தால் அதுவும் ஆட்ஸ் மேனேஜரில் ஒரு வரியாகக் கிடக்கும். அதைத் திறந்து, Breakdown மூலம் வயது வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பொடி வாங்கி வீடு நடத்தும் வயதினரிடம் போக வேண்டிய பணம் கல்லூரிப் பிள்ளைகளிடம் போயிருந்தால், அந்த எண்கள் அங்கே தெரிந்துவிடும்.

பூஸ்ட் போதுமான இடங்களும் உண்டு. நாளை மறுநாள் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறீர்கள், சுற்றுவட்டாரத்தில் நாலு பேர் கண்ணில் பட்டால் சரி என்றால், அதற்கு ஆட்ஸ் மேனேஜரின் மூன்று நிலை அமைப்பெல்லாம் வேண்டாம். அப்போதும் ஐபோன் செயலியிலிருந்து பூஸ்ட் செய்யும் முன் பணம் கட்டும் திரையைப் பாருங்கள். இப்படி ஐபோன் செயலி வழியே பூஸ்ட் செய்பவர்களிடம் ஆப்பிள் வாங்கும் 30 சதவீதக் கட்டணம் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கியது. அந்தத் திரையில் அது தெரிந்தால், அதே பூஸ்ட்டை உலாவியில் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் தளத்தைத் திறந்து செய்தால் அந்தக் கட்டணம் இருக்காது.