பலகை இல்லாமல் உச்சியில் ஒட்டும் கான்கிரீட்

"சுரங்கப்பாதை வேலை நடக்கும் காணொளி ஒன்றில், கூரையைப் பார்த்துக் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். சென்ட்ரிங் பலகை இல்லை, முட்டுக்கால் இல்லை. ஈரக் கான்கிரீட் எப்படி விழாமல் நிற்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பார்த்தது ஷாட்கிரீட்.

முதலில் அது எவ்வளவு எடையைத் தாங்க வேண்டும் என்று பார்ப்போம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. 10 செ.மீ. தடிமனுக்கு அடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 240 கிலோ வரும். இது பெரிய எடையாகத் தெரியும். ஆனால் பரப்பில் பகிர்ந்து பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 24 கிராம்தான். பாறையோடு அந்த அளவுக்கு ஒட்டினால் போதும், கான்கிரீட் நிற்கும். எனவே தேவைப்படும் ஒட்டுவலிமை மிகவும் குறைவு. அது அடித்த சில நொடிகளிலேயே கிடைத்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

வார்க்கும் கான்கிரீட்டுக்கு இந்த அவசரம் கிடையாது. பலகைக்குள் ஊற்றி, வைப்ரேட்டர் விட்டுக் காற்றை வெளியேற்றி, இறுகும்வரை காத்திருக்கலாம். அதுவரை எடையைப் பலகை சுமக்கும். ஷாட்கிரீட்டில் பலகையும் இல்லை, வைப்ரேட்டரும் இல்லை. அழுத்தக் காற்று கலவையை வேகமாக எறிகிறது. பின்னால் வருவது முன்னால் ஒட்டியதன் மேல் மோதி, அதிலுள்ள காற்றைப் பிதுக்கி வெளியேற்றுகிறது. கான்கிரீட்டைக் கெட்டிப்படுத்துவது இந்த மோதல்தான். ஜல்லியும் சிறியது, பெரும்பாலும் 8 முதல் 10 மி.மீ.க்கு மேல் போகாது.

சிமெண்டைக் காற்றால் எறியும் கருவியைச் செய்தவர் கட்டடப் பொறியாளர் அல்ல. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துகொண்டிருந்த கார்ல் ஏக்லி, 1907 வாக்கில் அதை உருவாக்கினார். 1911இல் காப்புரிமை கிடைத்தது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் "இதனால் என்ன பயன்?" என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்பது எனக்கு உடன்பாடில்லாததற்கு இது ஒரு காரணம். ஏக்லி சுரங்கம் தோண்ட நினைத்து அந்தக் கருவியைச் செய்யவில்லை.

ஏக்லியின் கருவி உலர் முறையில் வேலை செய்தது: உலர்ந்த கலவை குழாயில் வரும், தண்ணீர் குழாயின் முனையான நாசிலில் சேரும். இன்று பெரிய சுரங்கங்களில் பெரும்பாலும் ஈர முறைதான். தண்ணீர் சேர்த்துக் கலந்த கான்கிரீட்டை பம்ப் தள்ளுகிறது. நாசிலில் காற்றும், இறுகலை விரைவுபடுத்தும் ஆக்ஸிலரேட்டர் என்ற திரவமும் சேர்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குழாய்க்குள் இருக்கும்போது கான்கிரீட் நன்றாக வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், சுவரைத் தொட்டதும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது நாசிலிலிருந்து பாறை வரையுள்ள ஒன்று அல்லது இரண்டு மீட்டர் பயணம் மட்டுமே.

சிமெண்டில் மிக அவசரமாக வினைபுரியும் பகுதி அலுமினேட். அதை அப்படியே விட்டால் கலக்கும்போதே இறுகிவிடும் என்பதற்காகத்தான் சிமெண்ட் அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சத்தில் உள்ள சல்பேட் அந்த அவசரத்தை அடக்குகிறது. எட்ரிங்கைட் என்ற படிகம் நிதானமாக உருவாகிறது. நமக்குக் கான்கிரீட்டைக் கலந்து, கொண்டுபோய், ஊற்ற நேரம் கிடைக்கிறது.

இப்போது அதிகம் பயன்படும் காரமற்ற ஆக்ஸிலரேட்டரின் அடிப்படை அலுமினியம் சல்பேட். அது கலந்த உடனே, கரைந்த நிலையில் அலுமினியமும் சல்பேட்டும் ஏராளமாக வந்து சேர்கின்றன. கால்சியம் சிமெண்ட் நீரில் ஏற்கெனவே இருக்கிறது. அதே எட்ரிங்கைட் இப்போது கலவை முழுவதும் ஒரே நேரத்தில் ஊசி ஊசியாகப் பிறக்கிறது. ஊசிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதோடு, எட்ரிங்கைட்டின் வாய்பாட்டு அலகு ஒவ்வொன்றும் 32 நீர் மூலக்கூறுகளைத் தனக்குள் கட்டிக்கொள்கிறது. கலவையை வழுக்க வைத்த நீர், படிகத்துக்குள் போய்விடுகிறது. சிக்கலும் கூடி, வழுக்கலும் குறைந்தால் சிமெண்ட் விழுது நிற்காமல் என்ன செய்யும்? வார்ப்பில் நிதானமாக உருவாகும் கனிமமே இங்கே அவசரத்துக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் இது தொடக்கப் பிடிப்பு மட்டுமே. நெடுங்கால வலிமை வழக்கம்போல சிமெண்டின் சிலிக்கேட்டுகள் மெதுவாக நீரேற்றம் அடைவதால்தான் வருகிறது. அதனால் 'இன்னும் கொஞ்சம் ஊற்று, நன்றாகப் பிடிக்கும்' என்பது தவறான நம்பிக்கை. ஆக்ஸிலரேட்டர் கூடினால் கடைசி வலிமை குறையலாம். அடிக்கப்பட்ட பரப்பு மிக வேகமாக விறைத்துவிட்டால், அடுத்து வரும் ஜல்லி அதில் பதியாமல் தெறிக்கும்.

இந்தத் தெறிப்பை ரிபவுண்ட் என்கிறார்கள். வெறும் பாறையில் முதலில் படும் ஜல்லிக்குப் பதிய மெத்தென்ற இடம் இல்லை. அது திரும்பி விழுகிறது, விழுது மட்டும் ஒட்டுகிறது. மெல்லிய விழுதுப் படலம் சேர்ந்த பிறகே ஜல்லி பதியத் தொடங்கும். ஆகவே சுவரில் நிற்கும் கான்கிரீட்டில் சிமெண்டின் பங்கு, பம்புக்குள் போன கலவையில் இருந்ததைவிடக் கூடுதல்.

ஒரு கணக்கு: 40 சதுர மீட்டர் உச்சிப் பரப்பில் 10 செ.மீ. வேண்டும் என்றால் சுவரில் நிற்க வேண்டியது 4 கன மீட்டர். 15 சதவீதம் தெறித்துவிடும் என்று வைத்தால், பம்ப் செய்ய வேண்டியது சுமார் 4.7. கன மீட்டருக்கு 450 கிலோ சிமெண்ட், அதில் 6 சதவீதம் ஆக்ஸிலரேட்டர் என்றால் 27 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 127 கிலோ. தரையில் விழுந்த சுமார் 0.7 கன மீட்டரை அள்ளி மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதில் சிமெண்ட் குறைவு, இறுகலும் தொடங்கியிருக்கும்.

விழுந்தது மூலையில் தங்கி, அதன் மேலேயே அடித்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. வெளியே வழுவழுப்பாகத் தெரியும், உள்ளே மணற்பை இருக்கும். கம்பிகளின் பின்புறமும் இப்படித்தான் பொள்ளலாகும். நாசிலைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, சிறு வட்டங்களாகச் சுற்றி அடிப்பது இதைத் தவிர்க்கத்தான். இறுகிய பின் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று ஒலிக்காமல் பொத்தென்று கேட்டால் பின்னால் வெற்றிடமோ, பாறையை விட்டுப் பிரிந்த இடமோ இருக்கிறது.

வார்ப்பில் தரத்தைக் கலவை ஆலையும் பலகையும் பெருமளவு காப்பாற்றிவிடும். இங்கே அது நாசில் பிடிப்பவரின் கையில் இருக்கிறது. இயந்திரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, அவருடைய பயிற்சிக்குக் கணக்குப் பார்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. 1994 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் கீழே ஷாட்கிரீட் முறையில் கட்டிக்கொண்டிருந்த சுரங்கங்கள் இடிந்தன. சுரங்கத்தின் அடிவளைவு தரக்குறைவாகக் கட்டப்பட்டிருந்ததும் அதைப் பழுதுபார்த்த விதமும் விசாரணையில் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. உயிரிழப்பு இல்லை.

அடித்து முடித்த உச்சியின் கீழே உடனே ஆள் போகக் கூடாது. அதற்குமுன் கான்கிரீட் எட்ட வேண்டிய அமுக்க வலிமைக்குப் பல இடங்களில் வைத்திருக்கும் வரம்பு 1 மெகாபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. இளம் கான்கிரீட்டில் ஊசியை அழுத்தி, எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். 24 கிராம் போதும் என்று கணக்குப் போட்டோமே, பிறகு ஏன் 10 கிலோ? கான்கிரீட் தன் எடையை மட்டும் சுமப்பதில்லை. அதன் பின்னால் தளர்ந்த பாறைத் துண்டும் இருக்கலாம், நீர்க்கசிவும் இருக்கலாம்.

மலைச்சரிவுகளில் அந்த நீர்தான் முதல் எதிரி. சரிவின் முகத்தில் அடித்த ஷாட்கிரீட் மழைநீர் உள்ளே போவதையும் மண் அரிப்பையும் தடுக்கும். ஆனால் மேலே எங்கோ இறங்கிய நீர் பின்பக்கம் வந்து ஒரு மீட்டர் உயரத்துக்குத் தேங்கினாலே, அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம் அழுத்தம் வெளிநோக்கித் தள்ளும். உச்சியில் தொங்கிய கான்கிரீட்டின் எடையைப் போல நான்கு மடங்கு இது. அதனால்தான் சரிவுகளில் கம்பி வலையையும், மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய எஃகுக் கம்பிகளையும் சேர்த்து அடிக்கிறார்கள். இடையிடையே வடிகுழாய்களும் வைக்கிறார்கள். அடிக்கும்போது குழாயின் வாயை மூடிவைத்து, முடிந்ததும் திறக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பிறகு குழாய்கள் வறண்டிருக்க, கான்கிரீட்டின் விரிசல்களில் மட்டும் ஈரம் கசிந்தால், குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அவற்றைத் துளைத்துத் திறந்தால்தான் பின்னால் சேர்ந்த நீர் வடியும்.