கொத்தனார் கிடைக்காத ஊரில் குறைந்த வட்டி

நாகர்கோவிலில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்ததாகச் செய்தி வந்தால் மறுநாள் காலையே என் மேசைக்கு முன் ஆட்கள் கூடிவிடுவார்கள். வட்டி குறைந்துவிட்டது, அதனால் வீடு கட்டும் செலவும் குறைந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலோர் மனக்கணக்கு. வட்டி குறைந்தது உண்மைதான். வீட்டுச் செலவு வேறு சங்கதி.

20 ஆண்டுக் கடனாக 30 லட்சம் ரூபாய், வட்டி எட்டரை சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். வட்டி 7 சதவீதமானால் அதே தவணைக்கு ஏறக்குறைய 33 லட்சத்து 58 ஆயிரம் வரை கடன் வாங்கலாம். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் கையில் மூன்றரை லட்சம் கூடிவிடுகிறது. இது அவருக்கு மட்டும் கூடியிருந்தால் நல்ல சேதிதான். வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அதே நாளில் கூடுகிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு கணக்குக்காக, குழித்துறை ஆற்றங்கரையில் ஒரு பெரிய ஊரை வைத்துக்கொள்வோம். அங்கே 40 கொத்தனார் குழுக்கள் இருக்கின்றன. ஒரு குழு ஆண்டுக்கு மூன்று வீடு முடிக்கும். அதற்கு மேல் முடியாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பச்சைச் செங்கல் காய வெயில் வேண்டும், கான்கிரீட் போட மழை விட வேண்டும். ஆக, ஊரின் உச்சம் ஆண்டுக்கு 120 வீடுகள்.

மந்தமான ஒரு காலத்தில் 80 பேர்தான் வீடு கட்டுகிறார்கள். குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. அப்போது வட்டியைக் குறைத்தால் 110 பேர் வருவார்கள், வீடுகளும் 110 எழும்பும், கூலி பெரிதாக ஏறாது. வட்டிக் குறைப்பு தன் வேலையைச் செய்கிற இடம் இதுதான். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வட்டிக் குறைப்பே வீண் என்று சொல்பவன் அல்ல.

குழுக்கள் எல்லாம் வேலையில் இருக்கும்போது மறுபடியும் வட்டி குறைகிறது. இப்போது 150 பேர் கடனோடு வருகிறார்கள். கட்டக் கூடியது 120 வீடுதான். 150 வீட்டுக்கான பணம் 120 வீட்டின் மேல் விழுந்தால், ஒரு வீட்டின் செலவு நான்கில் ஒரு பங்கு ஏறுகிறது. ஊருக்கு ஒரு வீடுகூடக் கூடவில்லை. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்கள் வீடு எழும்புகிறது, மற்றவர்கள் அஸ்திவாரம் தோண்டிய குழியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உச்சத்தைத் தொட்டுவிட்டோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ரிசர்வ் வங்கி ஆலைகளின் உற்பத்தித் திறனில் எவ்வளவு பயன்படுகிறது என்று காலாண்டுதோறும் கணக்கெடுக்கிறது. என் மேசைக்கு அதைவிட முன்னதாகவே தகவல் வந்துவிடும், ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டுத் தாளாக. சாதாரண நாளில் அந்த விலை மூன்று மாதம் நிற்கும். பிறகு ஒரு மாதம் என்று எழுதி வரும். கடைசியில் ஒருவர், "இந்த விலை ஏழு நாளைக்குத்தான்" என்று அடியில் எழுதிக் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டேன். "சார், கையாள் வேறு சைட்டில் ஐம்பது ரூபாய் கூடக் கிடைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வர மாட்டான். நான் எதை நம்பி எழுதுவது?" என்றார். விலையேற்றம் ஒருமுறை நடந்துவிட்டுப் போகாது, அடுத்த ஒப்பந்தத்துக்குள் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பதை அந்த ஒரு வரி எனக்குச் சொன்னது. அப்படி எல்லோரும் ஏற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், 7 சதவீத வட்டி இன்னும் மலிவாகத் தெரியும். நாளைக்கு விலை கூடும் என்று இன்றைக்கே இன்னும் பத்துப் பேர் கடனுக்கு வருவார்கள்.

அப்படியானால் அந்தக் கடனில் கலவை இயந்திரம் வாங்கலாமே, புதிய கொத்தனார்களைப் பழக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கையாளாகச் சேர்ந்த பையன் சுவரைத் தூக்குக்குண்டு பிசகாமல் எழுப்ப ஆண்டுகள் ஆகும். குலசேகரம் பக்கம் ரப்பர் கன்று நடுகிறவருக்குத் தெரியும்: வட்டி ஏழானாலும் ஐந்தானாலும் மரம் பால் வெட்டுக்கு வர ஏழு ஆண்டு. அந்த ஏழு ஆண்டை எந்த வட்டி விகிதமும் ஆறாக்காது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களே என்றால், ஒரு தாலுகாவுக்கு அது சரி. நாடு முழுக்கவே ஆள் தட்டுப்பாடு என்றால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளை மாற்றுகிறோம், அவ்வளவுதான். நாட்டின் உச்சத்தைக் கூட்டுவது ஆட்களின் எண்ணிக்கை, கைத்திறன், இயந்திரம், தொழில்நுட்பம், சாலை, மின்சாரம். மைய வங்கியிடம் இருப்பது பணத்தின் விலை மட்டும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மந்தம் நீண்டுபோனால் கொத்தனார் வளைகுடாவுக்குப் போய்விடுவார், சூளை மூடிவிடும். உச்சமே கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்க வட்டிக் குறைப்பு உதவும். இருப்பதைக் காப்பது அது, இல்லாததை உண்டாக்குவது அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு: நாட்டின் உச்சம் எங்கே என்று யாருக்கும் நேரடியாகத் தெரியாது. 1970களில் அமெரிக்க மைய வங்கி, பொருளாதாரத்தில் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது என்று தவறாக மதிப்பிட்டது. அந்தப் பத்தாண்டின் கடும் விலையேற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

துருக்கி தெரிந்தே செய்தது. 2021 செப்டம்பரில், பணவீக்கம் ஏற்கெனவே 20 சதவீதத்தை ஒட்டி இருந்தபோது, வட்டியை 19 சதவீதத்திலிருந்து இறக்கத் தொடங்கி டிசம்பருக்குள் 14 ஆக்கியது. லிரா சரிந்தது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. 2024 மார்ச்சில் அதே மைய வங்கி வட்டியை 50 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

நம் நாட்டில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறங்கியது. ஆலைகள் முடங்கிக் கிடந்த காலம், அதில் தவறு சொல்ல மாட்டேன். பின்னர் விலைகள் ஏறின. 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம். அதில் உக்ரைன் போரின் பங்கு பெரிது, எல்லாப் பழியையும் வட்டியின் மேல் போட முடியாது. ஆனால் சட்டப்படி பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலே கீழே இரண்டு வரை போகலாம். ஆகவே 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ இரண்டரை சதவீதப் புள்ளிகள் ஏறி 6.5 ஆனது.

இப்போது அந்த 33 லட்சத்து 58 ஆயிரம் கடனுக்கு வருவோம். இன்றைய வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. ஓராண்டு தவணை கட்டிய பிறகு பாக்கி சுமார் 32 லட்சத்து 78 ஆயிரம். வட்டி ஏழிலிருந்து ஒன்பதரையானால் முதல் மாத வட்டி மட்டும் சுமார் 25,950 ரூபாய். தவணையை மாற்றாமல் விட்டால் அசலில் சேர்வது நூறு ரூபாய்கூட இல்லை. வட்டி ஏறிவிட்டது, ஒப்பந்தக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்த மூன்றரை லட்சம் திரும்பி வராது.

அதனால் கடன் கேட்டு வருகிறவர்களிடம் வட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது: உங்கள் மேஸ்திரி இப்போது எத்தனை சைட் ஓட்டுகிறார்? இரண்டு என்றால் விண்ணப்பத்தை எடுத்து நீட்டுவேன். ஆறு என்றால், மழை முடிந்து வரச் சொல்வேன்.