கைதட்டி எண்ணினால் சிலபிள் கணக்கு ஏன் தப்புகிறது?

இந்த வாரம் திருத்திய ஆங்கில விடைத்தாள்களிலும் அதே தவறுதான். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிலபிள் என்பது பெரும்பாலும் ஓர் உயிர் ஒலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு. கேள்வி எளிமையானது. கீழே உள்ள நான்கில் இரண்டு சிலபிள் கொண்ட சொல் எது? வாக்ட், வாட்ச்ட், ஹெல்ப்ட், வான்டட். நடந்தான், பார்த்தான், உதவினான், விரும்பினான் என்ற பொருள்களில் வரும் இறந்தகால வினைகள் இவை. எழுதும்போது நான்குமே இ, டி என்ற இரண்டு எழுத்துகளில் முடியும். விடை நான்காவது. ஆனால் பாதிப் பிள்ளைகள் மனம்போன போக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டு எப்படி எண்ணினாய் என்று கேட்டால், "எல்லாத்துலயும் ரெண்டுதான் சார் வருது" என்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில் எண்ணினால் அப்படித்தான் வரும். டியூஷன்களில் இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சொல்லில் உள்ள ஏ, இ, ஐ, ஓ, யு எழுத்துகளை எண்ணுவது. வாக்ட் என்பதில் ஒரு ஏ, ஒரு இ, ஆக இரண்டு. மற்ற மூன்றிலும் அதே இரண்டு. அடுத்தது, சொல்லைச் சொல்லிக் கைதட்டுவது, அல்லது தாடைக்குக் கீழே கை வைத்து அது எத்தனை முறை இறங்குகிறது என்று பார்ப்பது. நம் பிள்ளை "வாக்டு" என்று சொல்லித் தட்டும்போது "வாக்" ஒன்று, "டு" இரண்டு. ஆக எந்த வழியில் போனாலும் நான்குக்கும் இரண்டுதான்.

எழுத்தை எண்ணும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலிமைகள் என்ற பொருளில் வரும் ஸ்ட்ரென்த்ஸ் என்ற சொல்லுக்கு ஒன்பது எழுத்து, ஒரே சிலபிள். ஏரியா என்பதற்கு நான்கே எழுத்து, மூன்று சிலபிள். ரிதம் என்ற சொல்லை எழுதிப் பாருங்கள், அந்த ஐந்து எழுத்துகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் அதற்கு இரண்டு சிலபிள். சிலபிள் ஒலியைச் சேர்ந்தது, எழுத்தைச் சேர்ந்தது அல்ல. இதோடு விட்டுவிடலாம்.

கைதட்டும் வழிதான் எனக்குப் பெரிய வருத்தம், ஏனென்றால் அது பார்வைக்குச் சரியான வழி மாதிரி இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்கு அது நன்றாகவே வேலை செய்யும், அந்தக் குழந்தையின் வாயில் அந்தச் சொல் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. கைதட்டல் எண்ணுவது தட்டுகிறவரின் உச்சரிப்பைத்தான். கேள்வி கேட்பதோ அகராதியின் உச்சரிப்பை. இந்த இரண்டும் வேறாக இருக்கும் இடங்களில் எத்தனை தடவை தட்டினாலும் தவறான விடைதான் வரும்.

எங்கே வேறாகிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். தமிழ்ச் சொல் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. நாட், பாட் என்று நாம் நிறுத்துவதில்லை. நாடு, பாட்டு என்று ஒரு குற்றியலுகரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்லின் முதலில் மெய்யெழுத்தும் வராது. நன்னூல் சொல்லும் இந்த வழக்கு நம் நாக்கில் ஊறிப்போனது. அதனால்தான் புக் நமக்குப் புக்கு ஆகிறது, பஸ் பஸ்ஸு ஆகிறது, ஸ்கூல் இஸ்கூல் ஆகிறது. சொல்லின் கடைசியில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் சில சமயம் நடுவிலும் ஓர் உயிரை நுழைத்துவிடுகிறோம். ஃபில்ம் என்று ஒரே மூச்சில் முடிய வேண்டியது ஃபிலிம் ஆகி இரண்டு சிலபிள் பெறுகிறது. பேச்சில் இது குற்றமே இல்லை. புக்கு என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. எண்ணும்போது மட்டும் நாம் சேர்த்த உயிரைக் கழித்துவிட வேண்டும்.

ஆகவே கைதட்டுவதற்கு முன் ஒரு வேலை. சொல்லின் கடைசி ஒலியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு "உ" சொல்லாமல் வாயை மூடச் சொல்லுங்கள். "புக்" என்று சொல்லி நாக்கு மேலே ஒட்டிய நிலையிலேயே நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் சிரிப்பு வரும், பரவாயில்லை. பிறகு தட்டட்டும்.

இப்போது மறுபடி அந்தக் கேள்விக்கு வருவோம். இ-டி சேரும் இறந்தகால வினையில், அதைச் சேர்ப்பதற்கு முன் வினை எந்த ஒலியில் முடிகிறது என்று பாருங்கள். தொண்டை அதிரும் டி, தொண்டை அதிராத டீ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளின் ஒலியில் முடிந்தால் மட்டுமே புதிதாக ஒரு சிலபிள் பிறக்கும். வான்ட் அப்படி முடிகிறது, அதனால் வான்டட். நீட் அப்படி முடிகிறது, அதனால் நீடட். வாக், வாட்ச், ஹெல்ப் மூன்றும் வேறு ஒலிகளில் முடிகின்றன, எனவே அந்த இ எழுத்துக்கு ஒலியே கிடையாது, மூன்றும் ஒரு சிலபிளில் நின்றுவிடும். பெயரடையாக வரும் சில பழைய சொற்கள் இதற்கு அடங்காது: கொடிய என்ற பொருளில் வரும் விக்கிட், ஆடையற்ற என்ற பொருளில் வரும் நேக்கிட் இரண்டுக்கும் இரண்டு சிலபிள்.

பன்மைக்கும் இதே மாதிரிதான். பாக்ஸ், பஸ், வாட்ச் போன்று ஸ், ச் ஒலிகளில் முடிபவை பன்மையில் ஒரு சிலபிள் கூடும்: பாக்ஸஸ், பஸ்ஸஸ், வாட்சஸ். மாதங்கள் என்ற பொருளில் வரும் மன்த்ஸ் ஒரே சிலபிள். துணிமணியைக் குறிக்கும் க்ளோத்ஸும் ஒன்றுதான். அதை "க்ளாத்தஸ்" என்று இரண்டாக்கும் வழக்கத்தை வகுப்பறையில் ஆசிரியர்களே நிறுத்த வேண்டும்.

இடையில் ஒன்று. சிலபிள் என்றால் தமிழில் அசை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். யாப்பு படித்த பிள்ளை "மலர்" என்பதை நிரை என்று ஓர் அசையாகத்தான் அலகிடும். ஆங்கிலக் கணக்கில் அதில் இரண்டு சிலபிள். உயிர் ஒலிகளை எண்ணு என்று சொன்னால் போதும், குழப்பம் வராது.

சரி, ஒலியில் ஒத்து முடியும் சொல்லைக் கேட்கும் ரைம் கேள்விக்கு வருவோம். இங்கே பிள்ளைகள் ஏமாறுவது கடைசி மூன்று எழுத்தை ஒப்பிட்டு. கம், ஹோம் இரண்டும் ஓ-எம்-இ என்று முடிகின்றன, ரைம் இல்லை. எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதும் செட் என்ற சொல், பெய்ட் என்பதோடு சேராது, ரெட், பெட் என்பவற்றோடு சேரும். உயரத்தைக் குறிக்கும் ஹைட், எடையைக் குறிக்கும் வெயிட்டோடு எழுத்தில் ஒத்துப்போகும். ஒலியில் அதற்குத் துணை பட்டத்தைக் குறிக்கும் கைட். சொல்லில் கடைசியாக அழுத்தம் விழும் உயிரிலிருந்து முடிவுவரை ஒலி ஒன்றாக இருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன்னால் உள்ள மெய் மாற வேண்டும். இவ்வளவுதான் விதி. இதைப் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரப் பயிற்சியில் பிடித்துவிடுகிறார்கள்.

பிடிக்காமல் போவது வேறொரு இடம், அதைக் கையேடுகள் மறைத்துவிடுகின்றன. ஒரு கேள்வி: சோற்றைக் குறிக்கும் ரைஸ் என்ற சொல்லுக்கு ரைம் எது? தெரிவுகள்: எழு என்று பொருள்படும் ரைஸ், அறிவுள்ள என்று பொருள்படும் வைஸ், பரிசைக் குறிக்கும் ப்ரைஸ், இருமுறை என்று பொருள்படும் ட்வைஸ். தமிழ் எழுத்தில் எழுதினால் நான்கும் "ஐஸ்" என்றுதான் முடிகின்றன. உச்சரிப்பைத் தமிழில் அச்சடித்துத் தரும் கையேட்டை நம்பிய பிள்ளை இங்கே என்ன செய்யும்? விடை ட்வைஸ் மட்டுமே. மற்ற மூன்றிலும் கடைசி ஒலி, ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இசட்டின் ஒலி.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. தொண்டையில் விரல் வைத்தால், இசட் ஒலியில் அதிர்வு கடைசிவரை இருக்கும், ஸ் ஒலியில் உயிர் முடிந்ததுமே நின்றுவிடும். இரண்டாவது அடையாளம் இன்னும் உறுதியானது: இசட் ஒலிக்கு முன்னால் வரும் உயிர் நீளும், ஸ் ஒலிக்கு முன்னால் சுருங்கும். எழு என்ற ரைஸில் "ஐ" இழுபடும். சோறு என்ற ரைஸில் வெடுக்கென்று முடியும். அகராதி ஒலிப்பதிவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கவிட்டால் காது பழகிவிடும். பழகிய பிறகு, தேர்வுகளில் அடிக்கடி வரும் அந்த லூஸ் இரட்டையைக் கொடுங்கள். இழ என்று பொருள்படும், ஒரே ஓ உள்ள லூஸ் இசட் ஒலியில் முடியும், தேர்ந்தெடு என்ற சூஸோடு ரைம் ஆகும். தளர்ந்த என்று பொருள்படும், இரண்டு ஓ உள்ள லூஸ் ஸ் ஒலியில் முடியும், வாத்தினப் பறவையான கூஸோடு சேரும். மூக்கைக் குறிக்கும் நோஸ், எழுத்தில் முதல் லூஸைப் போலவே முடிந்தாலும் இரண்டோடும் சேராது.

வீட்டில் சரிபார்க்க நினைக்கும் பெற்றோருக்கு: அகராதியில் தலைச்சொல்லின் நடுவே இருக்கும் புள்ளிகளை எண்ணாதீர்கள். வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டத்தான் பல அகராதிகள் அவற்றைப் போடுகின்றன. பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் உச்சரிப்புக் குறியைப் பாருங்கள். அதில் உயிர்க்குறிகளை எண்ணுங்கள். தலைகீழாக நிற்கும் ஆங்கில இ எழுத்து போன்ற குறியும் உயிர்தான், அதை விட்டுவிடக் கூடாது. ஐ, ஓ போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கும் இரட்டைக் குறியை ஒன்றாகவே எண்ண வேண்டும். பாட்டில், பட்டன் போன்ற சொற்களில் கடைசியில் உயிர்க்குறி இல்லாமல் எல் அல்லது என் மட்டும் நிற்கலாம். அங்கே அந்த மெய்யே ஒரு சிலபிளாகும், மொத்தம் இரண்டு. இந்த இடத்தில் மட்டும் நம் தமிழ் நாக்கு சொல்வதே சரியான எண்ணிக்கை.

கேள்வித்தாள் தயாரிக்கும் சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சாக்லேட், ஃபேமிலி, இன்ட்ரஸ்டிங், ஃபயர் ஆகிய சொற்களைச் சிலபிள் கேள்வியில் போடாதீர்கள். நடு உயிரை விழுங்கியும் விழுங்காமலும் சொல்லும் வழக்கம் ஆங்கிலேயரிடமே இருப்பதால், ஃபேமிலிக்கு இரண்டும் சரி, மூன்றும் சரி. கம்ஃபர்டபிள் என்பதை நான்காக விடைக்குறிப்பில் அச்சடித்து, மூன்று என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். பல அகராதிகள் முதலில் தருவதே அந்த மூன்றைத்தான். பிள்ளைகளே, அப்படி நடந்தால் அகராதிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மரியாதையாகப் போய்க் கேளுங்கள். உங்கள் மதிப்பெண் அது.