கறுப்பை வெட்டாமல் வாணவேடிக்கையை மட்டும் எடுப்பது

தீபாவளி, கார்த்திகை, தைப்பூசம் என்று வரிசையாக வரும் மாதங்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் வேலை ஒன்று உண்டு. மொட்டை மாடியில் நின்று போனில் எடுத்த வாணவேடிக்கைப் படத்தைக் கொண்டுவந்து, "அண்ணா, பின்னாடி இருக்கிற கறுப்ப எடுத்துட்டு வெடிய மட்டும் கே.ஆர்.பி. டேம் போட்டோ மேல வெச்சுக் குடுங்க" என்பார்கள். கேட்க எளிமையாக இருக்கும். பெரும்பாலானவர்கள் உடனே மேஜிக் வாண்டை எடுத்துக் கறுப்பைத் தேர்ந்தெடுத்து அழிப்பார்கள், அப்புறம் ஒவ்வொரு பொறியைச் சுற்றியும் ஒரு அழுக்குக் கறுப்புக் கோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓரத்தை மென்மையாக்கினால் கோடு மங்கும், ஆனால் பொறியைச் சுற்றியிருந்த ஒளிவட்டமும் சேர்ந்து போய்விடும்.

இது கைப்பழக்கக் குறைவால் வருவதில்லை. படத்தை நன்றாகப் பெரிதாக்கி ஒரே ஒரு பொறியைப் பாருங்கள். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், பிறகு ஆரஞ்சு, அதற்கும் வெளியே பழுப்பு, அந்தப் பழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு கறுப்பில் கரைகிறது. பொறி எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட ஒரு இடமே கிடையாது. அந்தப் பழுப்பு என்பது பழுப்பு நிறப் பொருளும் இல்லை, மங்கலான ஆரஞ்சு ஒளி, அவ்வளவுதான். ஓரமே இல்லாத ஒன்றில் ஓரம் வெட்டப் போனால் வேறு எப்படி வரும்?

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். கேமராவைப் பொறுத்தவரை கறுப்பு ஒரு நிறப்பூச்சு அல்ல, அங்கிருந்து ஒளி வரவில்லை என்பதற்கான பதிவு. ஃபிலிம் காலத்தில் ஒரே ஃபிலிமில் முதலில் அணையையும் பிறகு வாணத்தையும் எடுத்திருந்தால், வாணப் படத்தின் கறுப்புப் பகுதிகள் அணையை மறைத்திருக்காது, ஏனென்றால் அங்கே ஃபிலிம் மேல் புதிதாக எதுவும் விழவில்லை. பொறி இருக்கிற இடத்தில் மட்டும் ஒளி கூடியிருக்கும். நமக்கு வேண்டியதும் இந்தக் கூட்டல்தான். அதைக் கணினியில் செய்வதற்குத்தான் ஃபோட்டோஷாப், கிம்ப் எல்லாவற்றிலும் லேயர் பட்டியலில் `Screen` என்ற கலப்பு முறை இருக்கிறது.

அதன் கணக்கு ஒரே வரி. மேல் லேயரின் மதிப்பு a, கீழ் லேயரின் மதிப்பு b, இரண்டும் 0 முதல் 1 வரை:

```
விடை = a + b - a*b
```

a பூஜ்யம் என்றால் விடை b. அதாவது கறுப்பு இருக்கிற இடத்தில் அணைப் படம் அப்படியே நிற்கிறது, யாரும் எதையும் அழிக்கவில்லை. a ஒன்று என்றால் விடையும் ஒன்று, முழு வெள்ளை. நடுவில் இருக்கிற மங்கலான பழுப்பு, கீழே இருக்கிற வானத்தைக் கொஞ்சமாக வெளுக்கச் செய்கிறது, ஒளிவட்டம் நிஜத்தில் செய்வதும் அதுதான். கடைசியில் a*b கழிப்பது எதற்கு என்றால், 0.8-உம் 0.8-உம் கூட்டினால் 1.6 ஆகிவிடும், திரையில் அப்படி ஒரு மதிப்பே இல்லை, 1-இல் வெட்டுப்பட்டு வெள்ளைத் திட்டாக நிற்கும். கழித்தால் 0.96 வருகிறது. வெளிச்சமான இடங்களில் கொஞ்சம் விவரம் பிழைக்கிறது.

ஃபிளாட் பேனராக, அடியில் இருண்ட படத்தோடு, ஒரே கோப்பில் வேலை முடிகிறதென்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். லேயரை வைத்து `Screen` தேர்ந்தெடுங்கள், முடிந்தது.

சிக்கல் வருவது அதே வாணத்தையோ ஒரு அகல்விளக்குச் சுடரையோ சந்தன நிறப் பத்திரிகை மேல் வைக்கச் சொல்லும்போது. 0 முதல் 255 வரையான அளவில் சந்தன நிறத்தைச் சிவப்பு 250, பச்சை 240, நீலம் 215 என்று வைத்துக்கொள்வோம். சுடரின் ஒளிவட்டத்தில் ஒரு புள்ளி 60, 30, 6. ஸ்கிரீன் முறையில் கலந்தால் 251, 242, 216 வருகிறது. கண்ணுக்கு அதே சந்தனம்தான், ஒளிவட்டம் காணாமல் போய்விட்டது. ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கிற இடத்தில் மேலும் ஒளியைக் கூட்ட இடமில்லை, சுத்த வெள்ளைத் தாள் என்றால் சுடர் மொத்தமும் மறைந்துவிடும். பட்டப்பகலில் வாணம் விட்டால் பொறி தெரியாததற்கும் இதே காரணம்தான்.

இந்த இடத்தில்தான் உண்மையிலேயே ஒளிபுகும் பின்னணி கொண்ட ஒரு பி.என்.ஜி. கோப்பு தேவைப்படுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆல்ஃபா என்று ஒரு எண், அது எவ்வளவு மறைக்க வேண்டும் என்று சொல்லும். கறுப்புக்கு 0, பிரகாசத்துக்கு 1, இடைப்பட்டதற்கு இடைப்பட்ட எண். பிரகாசத்தையே ஆல்ஃபாவாக ஆக்கிவிடலாம் என்பது சரியான யோசனைதான். ஆனால் வழக்கமாகச் செய்கிற விதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன, இரண்டுமே கண்ணில் படுகிறவை.

ஃபோட்டோஷாப்பில் `Channels` பலகையில் `RGB` சிறுபடத்தை Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் பிரகாசம் ஒரு தேர்வாக வரும், அதை மாஸ்க் ஆக்குவார்கள். இந்தப் பிரகாசம் மூன்று நிறங்களையும் சமமாக மதிப்பதில்லை. நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகத் தெரியும், நீலம் மிகக் குறைவாகத் தெரியும், அதனால் பச்சைக்குப் பெரிய பங்கு, நீலத்துக்குத் துளிப் பங்கு. விளைவு, 40, 40, 220 என்ற பளிச்சென்ற நீலப் பொறிக்குக் கிடைக்கும் ஆல்ஃபா கால்வாசிக்கும் குறைவு. பச்சைப் பூ அழகாக நிற்கும், பக்கத்தில் நீலப் பூ பேய் மாதிரி மங்கலாகத் தெரியும். கோப்பில் நீலமும் ஊதாவும் மட்டும் செத்துப்போயிருந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இரண்டாவது கோளாறு இன்னும் அடிப்படையானது. அந்த 60, 30, 6 புள்ளியின் நிறத்தை அப்படியே வைத்து ஆல்ஃபாவை மட்டும் 0.14 ஆக்கினால், அது இரண்டு முறை மங்குகிறது. நிறமே ஏற்கெனவே இருட்டு, அதை மேலும் பதினான்கு சதவீதம்தான் காட்டுகிறோம். திரும்பக் கறுப்பின் மேல் வைத்துப் பாருங்கள், 60 இருந்த சிவப்பு சுமார் 8 ஆகிவிட்டிருக்கும். சந்தனத் தாள் மேல் வைத்தால் ஒளிவட்டம் அழுக்குப் பழுப்பாகத் தெரியும், வெளிச்சம் மாதிரியே இருக்காது. ஆல்ஃபா இருட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்றால், நிறத்திலிருந்து அந்த இருட்டைக் கழற்றிவிட வேண்டும்.

சரி, இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வழி: மூன்று நிற மதிப்புகளில் எது பெரியதோ அதையே ஆல்ஃபாவாக வையுங்கள், பிறகு மூன்றையும் அந்த ஆல்ஃபாவால் வகுத்துவிடுங்கள். நம் புள்ளியில் பெரியது 60, அதாவது 60/255, சுமார் 0.235. வகுத்தால் நிறம் 255, 128, 26 என்று பளிச்சென்ற ஆரஞ்சாகிறது. மங்கலான பழுப்பாகத் தெரிந்த ஒளிவட்டம் உண்மையில் எந்த நிறத்தின் மங்கல் என்று இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. கறுப்பின் மேல் வைத்தால் பழையபடி 60, 30, 6 திரும்ப வரும், சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. சந்தனத் தாள் மேல் வைத்தால் 251, 214, 170 வருகிறது, இளம் ஆரஞ்சு ஒளி தாளில் படிந்தது போல. ஸ்கிரீன் முறை மொத்தமாக இழந்ததை இது காப்பாற்றுகிறது.

கிம்ப்பில் இதற்குத் தனி வசதியே இருக்கிறது: `Colors > Color to Alpha`. அது முதலில் வெள்ளையைத்தான் காட்டும், நிறத்தை 000000 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு:

```python
import numpy as np
from PIL import Image
a = np.asarray(Image.open("vaanam.jpg").convert("RGB")) / 255
a = np.clip((a - 0.07) / 0.93, 0, 1)
m = a.max(axis=2, keepdims=True)
c = a / np.maximum(m, 1e-6)
out = np.concatenate([c, m], axis=2)
Image.fromarray((out * 255).round().astype("uint8")).save("vaanam.png")
```

ஸ்கிரீன், ஆல்ஃபா இரண்டு முறைகளும் ஒரே விடை தராது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 240, 150, 40 என்ற பொறியை, மாலை நேர அணையின் 30, 45, 80 வானத்தின் மேல் வைத்தால் ஸ்கிரீன் தருவது 242, 169, 107. ஆல்ஃபா தருவது 242, 153, 45. ஸ்கிரீன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கூட்டுவதால் வானத்து நீலம் பொறிக்குள் கசிந்து ஆரஞ்சு வெளுக்கிறது. ஆல்ஃபா ஒரே எண்ணால் மூன்றையும் மறைப்பதால் ஆரஞ்சு கெட்டியாக நிற்கிறது. இயற்கைக்கு அருகில் இருப்பது முதலாவது, பேனரில் பளிச்சென்று தெரிவது இரண்டாவது. எனக்கு இருண்ட வானத்துக்கு ஸ்கிரீன்தான் பிடிக்கும், பொறி வானத்திலேயே வெடித்த மாதிரி உட்காரும்.

மேலே உள்ள நிரலில் 0.07 கழிப்பது ஏன் என்று கேட்டிருப்பீர்கள். போன் எடுக்கும் இரவு வானம் கறுப்பே கிடையாது. ஊர் வெளிச்சம், சென்சாரின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து 14, 16, 18 என்று மதிப்புகள் இருக்கும். திரையில் கறுப்பாகத் தெரியும் அந்த 16, அணை வானத்தின் 30-ஐ 44 ஆக உயர்த்திவிடுகிறது, உடனே வாணப் படத்தின் நாலு ஓரமும் ஒரு வெளிறிய செவ்வகமாகத் தெரியத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் அடியில் தட்டையான கருநீலத்தை வைத்து, மேலே ஒரு `Levels` போட்டு நடு முக்கோணத்தை இடது பக்கம் இழுத்துப் பாருங்கள், மறைந்திருக்கும் ஓரமும் பொறிகளைச் சுற்றியுள்ள ஜேபெக் கட்டங்களும் வெளியே வந்துவிடும். மருந்து, கலப்பதற்கு முன்னால் வாணப் படத்தில் `Levels` இடது முக்கோணத்தை 18 அல்லது 20-க்கு நகர்த்துவது. அதைத்தான் நிரலில் 0.07 செய்கிறது.

புகை இருந்தால் இது போதாது. பத்து வாணம் வெடித்த பிறகு எடுத்த படத்தில் புகை 50, 60 வரை ஒளிர்ந்துகொண்டிருக்கும், அதையும் கறுப்பாக்கப் போனால் ஒளிவட்டங்கள் அத்தனையும் போய்விடும். அங்கே மென்மையான பிரஷ்ஷில் கறுப்பு எடுத்துப் புகை மேல் பூசுங்கள். ஸ்கிரீன் லேயரில் கறுப்பு பூசுவதுதான் அழிப்பது, ரப்பர் வேண்டியதில்லை. முதல் வாணத்திலேயே படம் எடுத்துவிடச் சொல்வது இன்னும் நல்லது.

விளக்குப் படத்துக்கு வந்தால் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. சுடர் ஒளி, ஆனால் அகல் மண். குத்துவிளக்கின் பித்தளைத் தண்டு, நிழல் பக்கத்தில் கிட்டத்தட்ட கறுப்பு. இந்த முறைகள் இருட்டாக இருக்கும் எல்லாவற்றையும் காற்று என்று எடுத்துக்கொள்ளும், அதனால் விளக்கின் அடிப்பகுதி வழியாக அணையின் தண்ணீர் தெரியும். மத்தாப்புப் பிடித்த குழந்தையின் கைக்கும் இதே கதிதான். அதற்கு ஒரே படத்தை இரண்டு லேயராக வைத்துக்கொள்ளுங்கள். அடி லேயர் சாதாரண முறையில், அகலை மட்டும் பென் டூலால் வெட்டி மாஸ்க் போட்டது, அதற்கு நிஜமான ஓரம் உண்டு என்பதால் வெட்டலாம். மேல் லேயரில் சுடரும் ஒளிவட்டமும், அகல் இருக்கும் இடத்தில் கறுப்பு பூசி, ஸ்கிரீன் அல்லது ஆல்ஃபா முறையில். அகலின் விளிம்பில் திரி தொடும் இடத்தில் மட்டும் இரண்டு லேயரும் கொஞ்சம் மேற்கவிய விடுங்கள், இல்லையென்றால் சுடர் அகலை விட்டு அந்தரத்தில் நிற்கும்.

பி.என்.ஜி.யை அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் ஜேபெக்காக மாறிவிடும், ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை.