வாழைப்பழப் பள்ளத்தாக்கில் இறங்க இரண்டு வழிகள்

ஒரு சார்பின் சிறும மதிப்பைத் தேடும் இரண்டு முறைகளான கிரேடியன்ட் டிசென்டையும் நியூட்டன் முறையையும் ஒப்பிட 1960-இல் ரோசன்ப்ராக் கொடுத்த சார்பைவிடத் தோதான ஒன்று கிடைப்பது அரிது.

`f(x, y) = (1 − x)² + 100 (y − x²)²`

சிறும மதிப்பு பூஜ்ஜியம், அது இருக்கும் இடம் (1, 1). விடை கண்ணெதிரேதான் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதுதான் பாடு. `y = x²` என்ற பரவளையத்தை ஒட்டி வாழைப்பழம்போல் வளைந்த ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதன் சுவர்கள் செங்குத்து, தரையோ கிட்டத்தட்டச் சமதளம். வழக்கமாகத் தொடங்கும் புள்ளி (−1.2, 1). அங்கே f = 24.2.

முதலில் கிரேடியன்ட் டிசென்ட். சார்பு மிக வேகமாக ஏறும் திசையைக் காட்டும் கிரேடியன்ட் அந்தப் புள்ளியில் (−215.6, −88). அதற்கு எதிர்த்திசையில், அடி நீளம் 0.001 வைத்து, அதாவது கிரேடியன்டின் 0.001 மடங்கு நகர்ந்தால் (−0.984, 1.088) வருகிறது. f ஒரே அடியில் 5.35-க்கு இறங்கிவிடுகிறது. இதைப் பார்த்து வேலை முடிந்த மாதிரிதான் என்று தோன்றும். ஆனால் இறங்கியது சுவரிலிருந்து மட்டும். தரையில் நடக்கும் பயணம் இனிமேல்தான்.

அந்தப் பயணம் ஏன் இழுக்கிறது என்பதை இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியான ஹெஸ்ஸியன் சொல்லிவிடும். (1, 1)-இல் அதன் ஐகன் மதிப்புகள் சுமார் 1001.6, 0.4. முதலாவது சுவரின் வளைவு, இரண்டாவது தரையின் வளைவு. அடி நீளம் 2/1001.6, அதாவது 0.002-க்குச் சற்றுக் குறைவான அளவைத் தாண்டினால் சுவருக்குச் சுவர் மோதி விலகிவிடுவோம். ஆகவே அடியின் அளவைச் சுவர் முடிவு செய்கிறது, நடப்பதோ தரையில். அடி 0.001 என்றால் தரைத் திசையில் பிழை ஒவ்வொரு முறையும் 0.9996 மடங்காகத்தான் குறையும். சிறுமத்தின் அருகில் விடையில் இன்னும் ஒரே ஒரு தசம இலக்கம் சரியாக வேண்டுமென்றால் சுமார் 5,800 அடிகள் போட வேண்டும்.

அவசரப்பட்டு அடியை 0.01 ஆக்கினால் மூன்றாவது அடியிலேயே x −399-ஐ ஒட்டிப் போய்விடும். அதற்கடுத்து திரையில் வருவது `inf`, `nan`. இது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு. கிரேடியன்டின் நீளம் 0.001-க்குக் கீழே வந்ததும் நிறுத்து என்று நிரலில் எழுதியிருப்போம். தரையின் வளைவு 0.4 மட்டுமே என்பதால், அந்த நேரத்திலும் விடை 0.0025 தள்ளி இருக்கலாம். f-ஐப் பார்த்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான், மனநிறைவாக இருக்கும். புள்ளியிலோ மூன்றாவது தசமம் இன்னும் தப்பு.

நியூட்டன் முறை சரிவோடு வளைவையும் கணக்கில் எடுக்கிறது. நிற்கும் இடத்தில் சார்பை ஓர் இருபடிக் கிண்ணமாகப் பாவித்து, அந்தக் கிண்ணத்தின் அடிக்கு நேரே தாவுகிறது. H ஹெஸ்ஸியன், g கிரேடியன்ட் என்றால், `H p = −g` என்ற சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தால் தாவலான p கிடைக்கும். அணியின் நேர்மாறைக் கணக்கிட வேண்டியதில்லை, `solve` போதும்.

```python
import numpy as np
x = np.array([-1.2, 1.0])
for k in range(6):
    u, v = x
    r = v - u*u
    g = np.array([-2*(1-u) - 400*u*r, 200*r])
    H = np.array([[1200*u*u - 400*v + 2, -400*u],
                  [-400*u, 200]])
    x = x + np.linalg.solve(H, -g)
    print(x, (1-x[0])**2 + 100*(x[1]-x[0]**2)**2)
```

முதல் தாவலில் (−1.175, 1.381), f = 4.73. பள்ளத்தாக்கின் தரையில் கச்சிதமாக இறங்கியாயிற்று. இரண்டாவது தாவலில் (0.763, −3.175), f = 1411.8! மூன்றாவதில் 0.056, நான்காவதில் மறுபடி ஏறி 0.31. ஐந்தாவதில் 10⁻¹¹ அளவுக்கு வந்து, ஆறாவதில் 10⁻²⁰ அளவைத் தொட்டுவிடுகிறது. அங்கே ஒரு இலக்கத்துக்கு 5,800 அடிகள், இங்கே மொத்தமே ஆறு தாவல்கள்.

அந்த 1411 நிரல் பிழை அல்ல. இருபடிக் கிண்ணத்துக்கு வளைந்த பள்ளத்தாக்கு தெரியாது, அதன் பள்ளம் எப்போதும் நேர்கோடுதான். தரையில் நின்றபடி தொடுகோட்டுத் திசையில் x-ஐ 1.94 நகர்த்து என்று அது சொல்கிறது. அதற்குள் பரவளையம் வளைந்து மேலே போய்விட்டது. நாம் அதற்கு 1.94², அதாவது 3.76 கீழே போய் நிற்கிறோம். 3.76-ஐ வர்க்கப்படுத்தி 100-ஆல் பெருக்கினால் அந்த 1411 வந்துவிடும்.

இதற்கு மருந்து, தாவலின் திசையை வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் குறைப்பது. f இறங்கும்வரை பாதி பாதியாக வெட்டுவார்கள். அதே இரண்டாவது தாவலைப் பாதியாக்கினால் f = 89.7, காலாக்கினால் 8.4, அரைக்காலாக்கினால் 4.09. இது 4.73-ஐவிடக் குறைவு, ஏற்றுக்கொள்ளலாம். இப்படி வளைவோடு வளைவாகப் போனால் ஆறு அடிகள் இருபதைச் சுற்றி ஆகும். இந்தச் சார்பில் வெட்டாமல் தாவியதே வேகம் என்பது தற்செயல். அதை நம்பி வேறு சார்பில் இறங்கக் கூடாது.

நீளத்தை வெட்டினாலும் தீராத கோளாறு ஒன்று இருக்கிறது. இந்தச் சார்பில் `y − x²` 0.005-ஐத் தாண்டினாலே ஹெஸ்ஸியன் நேர்மறையாக இராது, கிண்ணம் குதிரைச் சேணமாகிவிடும். (0, 0.01)-இல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே f = 1.01, ஹெஸ்ஸியனின் மூலைவிட்டத்தில் −2, 200. நியூட்டன் சொல்லும் தாவல் (−1, −0.01). போய்ச் சேருவது (−1, 0), அங்கே f = 104. அந்தத் திசையே மேட்டுத் திசை. எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் முதல் நகர்விலேயே f ஏறும்.

அதனால் `solve` போடுவதற்கு முன் `np.linalg.cholesky(H)` ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். அணி நேர்மறையாக இல்லாவிட்டால் அது `LinAlgError` கொடுத்துவிடும். அப்போது மூலைவிட்டம் முழுக்க ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். இங்கே 4 கூட்டினால் −2 என்பது 2 ஆகி, தாவல் (1, −0.0098) என்று சரியான பக்கம் திரும்புகிறது. கால் நீளம் வைத்தால் f = 0.86. கூட்டும் எண் பெரிதாகப் பெரிதாகத் தாவல் கிரேடியன்ட் டிசென்டின் திசைக்கே சாயும். இரண்டு முறைகளுக்கும் நடுவே திருகக்கூடிய ஒரு குமிழ் அது.

நியூட்டன் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கடைசிச் சில வரிகள் போதும். சரியான இலக்கங்கள் ஒவ்வொரு தாவலிலும் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். அப்படியில்லாமல் பிழை ஒரே விகிதத்தில் சீராகக் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் ஹெஸ்ஸியனை எழுதியதில்தான் தப்பு இருக்கும். கிரேடியன்டை இரண்டு அருகருகே உள்ள புள்ளிகளில் கணக்கிட்டு, வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்து ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு வேகம் இருந்தும் எல்லா இடத்திலும் நியூட்டனைப் போட முடியாததற்குக் காரணம் மாறிகளின் எண்ணிக்கை. இரண்டு மாறிகளுக்கு ஹெஸ்ஸியனில் நான்கே உறுப்புகள். 10,000 மாறிகள் என்றால் 10 கோடி உறுப்புகள், எட்டு பைட் எண்களாக 800 மெகாபைட். ஒரு தாவலுக்குச் சமன்பாடு தீர்க்க n³/3 பெருக்கல்கள் ஆகும். பத்து லட்சம் மாறிகளுக்கு அணியை வைக்கவே 8 டெராபைட் வேண்டும், கிரேடியன்டுக்கு 8 மெகாபைட் போதும். அந்த அளவில் பலரும் கடைசிச் சில அடிகளையும் அவற்றில் கிரேடியன்ட் மாறிய அளவையும் மட்டும் நினைவில் வைத்து வளைவை ஊகிக்கும் `L-BFGS`-க்குப் போகிறார்கள். சில நூறு மாறிகளுக்குள் கணக்கு அடங்கி, ஹெஸ்ஸியனையும் எழுத முடிகிறதென்றால், 0.001 அடியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.