ஒட்டிய படத்துக்கு ஒரே வெளிச்சம்

கொழும்பில் கலியாண அல்பம் செய்பவர்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது: வெள்ளவத்தை ஸ்டூடியோவில் எடுத்த சோடியை வெட்டி, காலிமுகத்திடலின் அந்தி வெயிலில் நிறுத்த வேண்டும். வெட்டு சுத்தம், அளவு சரி, காலடியில் நிழலும் போட்டாயிற்று. ஆனாலும் ஒட்டினது கண்ணுக்குத் தெரிகிறது. உடனே பலர் ஃபில்டருக்கு மேல் ஃபில்டராகப் போட்டு முகத்தின் நிறத்தையே கெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் போட்டோஷாப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு லேயர் போதும்.

முதலாவது, வெளிச்சத்தின் நிறம். அதைப் பின்னணிப் படத்திலிருந்தே எடுக்க வேண்டும். சூரியன் வெளுத்துப்போயிருக்கும், அங்கே நிறம் கிடைக்காது. பக்கத்து மேகத்தை Eyedropper-ஆல் தொட்டுப் பாருங்கள். RGB-இல் 232, 160, 96 போல ஒரு செம்மஞ்சள் வரும். அதை Solid Color லேயராகப் போட்டு, Soft Light-இல் Opacity-ஐ 15 வீதம் வையுங்கள். மாப்பிள்ளையின் தோளிலும் சேலைக் கரையிலும் தீட்டும் ஒளிக்கோடும் இதே நிறம்தான். அங்கே வேறொரு மஞ்சளை எடுத்தால் படத்தில் இரண்டு சூரியன்.

ஆனால் Soft Light முழுக் கறுப்பை அசைக்காது. அங்கேதான் இரண்டாவது லேயரான Curves வருகிறது. கடற்கரையில் உப்புக்காற்றின் மங்கலால் தூரத்துக் கறுப்பு உண்மைக் கறுப்பாக இருப்பதில்லை. வளைவின் கீழ்முனையை 0-இலிருந்து 12-க்கு உயர்த்துங்கள். பிறகு நீலத்தில் மட்டும் கீழ்முனையை இன்னும் கொஞ்சம் ஏற்றி, மேல்முனையை 240 அளவுக்கு இறக்குங்கள். நிழல்கள் வானத்தின் நீலத்தையும், வெளிச்சமான இடங்கள் வெயிலின் மஞ்சளையும் வாங்கிக்கொள்ளும். அந்தி நேரத்தில் உண்மையிலும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வளைவு எல்லாவற்றையும் சேர்த்தே நகர்த்தும், வித்தியாசத்தை அழிக்காது. இதை விளங்காமல்தான் பலர் இடறுகிறார்கள். மாப்பிள்ளையின் கோட் 3 என்றும், பின்னால் அதே அளவு இருட்டாக இருக்க வேண்டிய கம்பி வேலி 22 என்றும் Info பலகையில் காட்டினால், மேலே சொன்ன வளைவுக்குப் பின் அவை 15, 33 ஆகும். இடைவெளி 19-இலிருந்து 18 ஆனதுதான் மிச்சம். அதனால் சோடியின் லேயருக்கு மட்டும் கிளிப் செய்த தனி Curves-இல் முதலில் மாப்பிள்ளையின் கோட்டை 20-க்குக் கொண்டுவாருங்கள். கமரா அருகில் நிற்பவர் தூரத்து வேலியைவிடச் சற்றுக் கறுப்பாக இருப்பது இயல்பு. அப்புறம்தான் பொது வளைவு.

சரிபார்க்க, மேலே தற்காலிகமாக ஒரு கறுப்பு வெள்ளை லேயரைப் போட்டுப் படத்தைச் சிறிதாக்குங்கள். சோடி இன்னும் தனியாகத் துருத்தினால் பிழை வெளிச்ச அளவில், துருத்தாவிட்டால் நிறத்தில். ஒளி வரும் திசையே மாறியிருந்தால் இந்த இரண்டு லேயராலும் ஒன்றும் ஆகாது, வேறு போட்டோதான் தேட வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் பிரதியில் அந்த 12-ஐ 6 அளவுக்குக் குறைத்துவிடுங்கள். திரையில் இதமாகத் தெரியும் மங்கல், மேட் தாளில் சாம்பல் பூத்ததுபோல் விழும்.